50 லட்சம் இருந்தால் பி.எம்.எஸ். வேண்டுமா?

பணி ஓய்வுப் பணமோ, பூர்வீக நிலம் விற்ற பணமோ கணக்கில் வந்து விழுந்த சில நாட்களுக்குள் வங்கியிலிருந்து போன் வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. பேசுகிறவர் ரிலேஷன்ஷிப் மேனேஜர். "சார், மியூச்சுவல் ஃபண்ட் எல்லாரும் போடுறதுதான். உங்களை மாதிரி ஆளுக்கு பி.எம்.எஸ்.தான் சரி. 50 லட்சம் இருந்தாத்தான் உள்ளேயே விடுவாங்க. உங்களுக்குன்னு தனியா ஒரு ஃபண்ட் மேனேஜர் பார்த்துக்குவார்" என்பார். முப்பத்தைந்து ஆண்டு வேலை பார்த்துவிட்டு வந்த மனிதருக்கு அதைக் கேட்க இதமாகத்தான் இருக்கும். கடைசியில் நாமும் பெரிய முதலீட்டாளர் வரிசைக்கு வந்துவிட்டோம் என்று தோன்றும்.

ஆனால் அந்த 50 லட்சம் என்ற வரம்பைப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி எதற்காக வைத்தது என்று பார்த்தால் அந்த இதம் குறைந்துவிடும். போர்ட்ஃபோலியோ மேனேஜ்மென்ட் சர்வீசஸ், சுருக்கமாக பி.எம்.எஸ்., 1993-ல் முறையான விதிகளுக்குள் வந்தது. நெடுங்காலம் 5 லட்சம் ரூபாய் இருந்தால் யாரும் சேரலாம் என்றிருந்தது. 2012-ல் அதை 25 லட்சமாக உயர்த்தினார்கள். 2020-ல் புதிய விதிகள் வந்தபோது 50 லட்சமாக்கினார்கள். ஒவ்வொரு முறையும் காரணம் ஏறக்குறைய ஒன்றுதான். மியூச்சுவல் ஃபண்டில் மேலாளரின் கையைக் கட்டும் பல கட்டுப்பாடுகள் பி.எம்.எஸ்.ஸில் இல்லை. எனவே நஷ்டம் வந்தால் தாங்கக்கூடியவர்கள், ஒப்பந்தத்தைப் படித்துப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் மட்டும் வரட்டும் என்று சிறு முதலீட்டாளரை வெளியே நிறுத்தக் கட்டிய வேலி அது. அந்த வேலியைத் தாண்டும் அளவுக்குப் பணம் இருக்கிறது என்பதே உள்ளே போவதற்கான காரணம் ஆகிவிடாது.

இரண்டுக்கும் அடிப்படை வித்தியாசம் பங்குகள் யார் பெயரில் இருக்கின்றன என்பதில் தொடங்குகிறது. மியூச்சுவல் ஃபண்டில் லட்சக்கணக்கானவர்களின் பணம் ஒரே திட்டத்தில் சேர்கிறது. பங்குகளை வாங்குவது அந்தத் திட்டம். நம் கையில் இருப்பது யூனிட். மாதம் 500 ரூபாய் போடுகிறவருக்கும் 5 கோடி போட்டவருக்கும் அன்றைய யூனிட் விலை ஒன்றுதான். பி.எம்.எஸ்.ஸில் நம் பெயரிலேயே ஒரு டீமேட் கணக்கு திறக்கப்படும். பங்குகள் நம் பெயரில் அதில் நிற்கும். வாங்கவும் விற்கவும் அதிகாரம் கொடுத்து மேலாளருக்குக் கையெழுத்துப் போட்டுத் தருகிறோம். முடிவெல்லாம் அவருடையது என்றால் அதற்கு டிஸ்கிரிஷனரி என்று பெயர். ஒவ்வொரு முறையும் நம்மைக் கேட்டுச் செய்தால் நான்-டிஸ்கிரிஷனரி. சந்தையில் விற்கப்படுவது பெரும்பாலும் முதல் வகை. அதில் பட்டியலிடப்பட்ட பங்குகள், பத்திரங்கள் போன்றவற்றில் மட்டுமே பணம் போட முடியும் என்பது 2020 விதி.

ஒரு மியூச்சுவல் ஃபண்ட் பங்குத் திட்டம் ஒரே நிறுவனத்தில் 10 சதவீதத்துக்கு மேல் போடக்கூடாது. மிட்கேப் திட்டம் என்று பெயர் வைத்தால் குறைந்தது 65 சதவீதம் மிட்கேப் பங்குகளில் இருந்தே ஆக வேண்டும். பி.எம்.எஸ். மேலாளருக்கு இந்தக் கட்டுகள் இல்லை. 15 பங்குகளை மட்டும் வைத்துக்கொள்ளலாம். பிடித்த ஒரு பங்கில் நிறையவே போடலாம். சந்தை பயமுறுத்தினால் பாதியை ரொக்கமாக்கிவிட்டுக் காத்திருக்கலாம். திறமையான கையில் இந்தச் சுதந்திரம் பலன் தரும். தவறான கையில், அல்லது திறமையான கையே தவறிய ஆண்டில், 15 பங்குகளில் இரண்டு சரிந்தால் தடுக்க வேறு எதுவும் இருக்காது.

இப்போது கட்டணத்துக்கு வருவோம். பி.எம்.எஸ். பேச்சில் லாபக் கணக்கு பக்கம் பக்கமாக வரும். கட்டணம் ஒரு வரியில் முடிந்துவிடும். ஆனால் முதலீட்டாளருக்கு உறுதியாகத் தெரிந்த ஒரே எண் கட்டணம்தான். அதனால் ஒரு உதாரணத்தைப் பொறுமையாகப் போட்டுப் பார்ப்போம்.

கோவையில் ஓய்வு பெற்ற ஒரு பொறியாளர் 50 லட்சம் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டு நன்றாக அமைந்து, எந்தச் செலவும் கழிக்கும் முன் 20 சதவீதம், அதாவது 10 லட்சம் லாபம் வந்திருக்கிறது. கட்டணம் அன்றாடச் சராசரி மதிப்பின் மீது போடப்படும் என்பதால், ஆண்டு முழுக்கச் சராசரியாக 55 லட்சம் இருந்தது என்று கொள்வோம்.

முதல் வகைக் கட்டணம், நிலையானது. ஆண்டுக்கு 2.5 சதவீதம் என்று வைத்தால் 1,37,500 ரூபாய். அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 24,750 ரூபாய். இது தவிர பங்குகளைப் பாதுகாக்கும் கஸ்டோடியன் கட்டணம், கணக்குப் பராமரிப்பு, தரகு என்று சில்லறைகள் உண்டு. தரகு நீங்கலான இயக்கச் செலவுகள் ஆண்டுக்கு அரை சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று செபி வரம்பு வைத்திருக்கிறது. நம் கணக்கில் எல்லாம் சேர்த்து அரை சதவீதம், 27,500 ரூபாய் என்று எடுத்துக்கொள்வோம். மொத்தம் 1,89,750 ரூபாய். 20 சதவீத லாபத்தில் அவர் கைக்கு 16 சதவீதம் சொச்சம் மிஞ்சும்.

இரண்டாவது வகையில் நிலைக் கட்டணம் குறைவு, லாபத்தில் பங்கு உண்டு. நிலைக் கட்டணம் 1 சதவீதம், 10 சதவீதத்துக்கு மேல் வரும் லாபத்தில் 20 சதவீதம் மேலாளருக்கு. அந்த 10 சதவீதத் தடையை ஹர்டில் என்பார்கள். நிலைக் கட்டணம் 55,000, அதற்கு ஜி.எஸ்.டி. 9,900, இதர செலவு 27,500. இவை போக 9,07,600 ரூபாய் லாபம் நிற்கிறது. ஹர்டில் 5 லட்சத்தைக் கழித்தால் 4,07,600. அதில் 20 சதவீதம் 81,520, ஜி.எஸ்.டி. 14,674. எல்லாம் கூட்டினால் 1,88,594 ரூபாய். முதல் வகையில் கொடுத்ததும் இதுவும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆனால் இதே ஒப்பந்தத்தில் கேட்ச்-அப் என்ற ஒரு சொல் இருந்தால் கதை மாறிவிடும். லாபம் ஹர்டிலைத் தாண்டிவிட்டால், தாண்டிய பகுதிக்கு மட்டுமல்லாமல், முதல் ரூபாயிலிருந்து மொத்த லாபத்துக்கும் மேலாளர் தம் 20 சதவீதத்தைப் பிடித்துக்கொள்ளலாம் என்று அதற்குப் பொருள். நம் உதாரணத்தில் 9,07,600 ரூபாய் முழுவதற்கும் 20 சதவீதம், 1,81,520 ரூபாய் போகும், ஜி.எஸ்.டி. தனி. மொத்தச் செலவு 3,06,594 ரூபாய். அந்த ஒரு சொல்லின் விலை ஓர் ஆண்டில் 1,18,000 ரூபாய். ஆகவே ஒப்பந்தத்தின் கட்டணப் பக்கத்தில் முதலில் தேட வேண்டியது இந்தச் சொல்லைத்தான். விற்பவரிடம் "ஹர்டில் எவ்வளவு?" என்று கேட்டால் மட்டும் போதாது. "கேட்ச்-அப் உண்டா, இல்லையா?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும்.

மியூச்சுவல் ஃபண்டில் இதே 55 லட்சத்துக்கு என்ன ஆகும்? முகவர் இல்லாமல் நேரடியாக வாங்கும் டைரக்ட் பிளான் 2013 ஜனவரியிலிருந்து இருக்கிறது. மேலாளர் ஆண்டு முழுவதும் வாங்கி விற்கும் ஒரு பங்குத் திட்டத்தில், எல்லாச் செலவும் சேர்த்து 1 சதவீதம் என்று தாராளமாகவே வைத்தாலும் 55,000 ரூபாய். குறியீட்டைப் பின்தொடரும் இண்டெக்ஸ் ஃபண்ட் என்றால் இதில் ஒரு சிறு பகுதிதான் ஆகும். முகவர் வழியாக வாங்கும் ரெகுலர் பிளானில் அவருடைய கமிஷனும் சேர்வதால் கூடுதலாகும்.

நல்ல ஆண்டைப் பார்த்தோம். மோசமான ஆண்டையும் பார்த்துவிடலாம். அதே 50 லட்சம் 10 சதவீதம் சரிந்து 45 லட்சமாகிறது. நிலைக் கட்டணக்காரருக்கு அப்போதும் 2.5 சதவீதம் உண்டு. சராசரி 47.5 லட்சத்துக்கு 1,18,750 ரூபாயும் ஜி.எஸ்.டி. 21,375 ரூபாயும் போகும். 5 லட்சம் நஷ்டத்தின் மேல் இன்னொரு 1.4 லட்சம். லாபப் பங்கு வகையில் அந்த ஆண்டு 56,050 ரூபாயோடு முடிந்துவிடும். மேலாளரின் வருமானம் நம் லாபத்தோடு கொஞ்சமாவது கட்டப்பட்டிருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள், கேட்ச்-அப் இல்லாத இரண்டாவது வகையையே கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

லாபப் பங்கு வாங்குவதில் செபி வைத்திருக்கும் ஒரு நல்ல பாதுகாப்பு ஹை வாட்டர் மார்க். கணக்கு 60 லட்சத்தைத் தொட்டபோது லாபப் பங்கு எடுத்துவிட்டார்கள் என்றால், பிறகு அது 48 லட்சத்துக்கு இறங்கி, மறுபடி 58 லட்சத்துக்கு ஏறினாலும் அந்த 10 லட்சம் ஏற்றத்துக்குப் பங்கு கேட்க முடியாது. பழைய 60 லட்சம் உச்சியைத் தாண்டிய பிறகுதான் கேட்கலாம். சேரும்போதே ஒரு தொகையைக் கட்டணமாகப் பிடிக்கும் பழைய வழக்கத்தையும் 2020-ல் நிறுத்திவிட்டார்கள். விற்பனை முகவருக்கு மேலாளர் தமக்கு வரும் கட்டணத்திலிருந்து, ஆண்டுதோறும் தொடரும் கமிஷனாகத்தான் கொடுக்க முடியும். முகவர் இல்லாமல் நேரடியாகச் சேரும் வழியையும் ஒவ்வொரு மேலாளரும் வைத்திருக்க வேண்டும். இதை வங்கியிலிருந்து போன் செய்பவர் தாமாகச் சொல்லுவார் என்று எதிர்பார்க்க முடியாது.

கட்டணத்துக்கு அடுத்தபடி, பலரும் முதல் ஆண்டு முடிந்து ஆடிட்டரிடம் போகும்போதுதான் கண்டுகொள்ளும் விஷயம் வரி. பங்குகள் நம் பெயரில் இருப்பதால், மேலாளர் விற்கும் ஒவ்வொரு பங்கும் நாம் விற்றதாகவே வருமான வரிச் சட்டம் பார்க்கும். வாங்கி ஓராண்டுக்குள் விற்ற லாபத்துக்கு 20 சதவீதம் வரி. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்தது என்றால், ஆண்டுக்கு 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீதம். நம் கோவைப் பொறியாளரின் 10 லட்சம் லாபத்தில் 4 லட்சம் குறுகிய கால விற்பனையில் வந்தது என்றால், 80,000 ரூபாய் வரியும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 83,200 ரூபாய் கட்ட வேண்டும். அவர் ஒரு ரூபாய்கூட வெளியே எடுக்கவில்லை. ஆனாலும் வரி உண்டு. அதை ஓய்வூதியத்திலிருந்து கட்ட வேண்டும், இல்லையென்றால் அதே கணக்கிலிருந்து எடுத்துக் கட்ட வேண்டும். மேலாளருக்குக் கொடுத்த கட்டணத்தை இந்த லாபத்திலிருந்து கழிக்கலாமா என்பதில் வருமான வரித் தீர்ப்பாயங்களில் இரு விதமாகவும் தீர்ப்புகள் வந்திருக்கின்றன. கழிக்க முடியும் என்று நம்பித் திட்டமிடுவது சரியல்ல.

மியூச்சுவல் ஃபண்ட் மேலாளர் உள்ளே எத்தனை முறை வாங்கி விற்றாலும் நமக்கு வரி வராது. நாம் யூனிட்டை விற்கும் நாளில்தான் வரி. இது வரி விலக்கு இல்லை, தள்ளிவைப்புதான். ஆனால் ஆண்டுதோறும் 83,000 ரூபாய் வெளியே போகாமல் உள்ளேயே வளர்வது பத்து ஆண்டுகளில் சிறிய தொகை இல்லை. இன்னொரு சௌகரியமும் உண்டு: மியூச்சுவல் ஃபண்ட்காரரின் வரிக் கணக்கில் நாலைந்து வரிகள் இருக்கும், பி.எம்.எஸ்.காரரின் மூலதன ஆதாய அறிக்கை பக்கக் கணக்கில் நீளும்.

வரியை ஒதுக்கிவிட்டு, கட்டணத்தை மட்டும் பத்து ஆண்டுக்கு நீட்டினால் இப்படி வரும். இருவரும் செலவுக்கு முன் ஆண்டுக்கு 12 சதவீதமே ஈட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 1 சதவீதம் செலவு போன ஃபண்டில் 50 லட்சம் ஏறத்தாழ 1 கோடியே 42 லட்சம் ஆகும். ஜி.எஸ்.டி.யும் இதர செலவும் சேர்த்து 3.45 சதவீதம் போகும் பி.எம்.எஸ்.ஸில் 1 கோடியே 13 லட்சம் சொச்சம். இடைவெளி 28 லட்சத்துக்கு மேல். பி.எம்.எஸ். மேலாளர் ஃபண்ட் மேலாளரை ஆண்டுதோறும் சுமார் இரண்டரை சதவீதம் முந்தினால்தான் இருவரும் சமம். ஒவ்வோர் ஆண்டும் போகும் வரியையும் சேர்த்தால் இன்னும் கூடுதலாக முந்த வேண்டும். அப்படி முந்தியவர்கள் இருக்கிறார்கள். அடுத்த பத்து ஆண்டுகளில் முந்தப்போகிறவர் யார் என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடிவதில்லை.

"போன வருஷம் 38 சதவீதம் கொடுத்திருக்காங்க சார்" என்று காட்டப்படும் எண்ணையும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். பி.எம்.எஸ். நிறுவனங்கள் தம் வருமானத்தை எல்லாக் கட்டணமும் செலவும் கழித்த பிறகே, டைம் வெயிட்டட் என்ற முறையில் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். இந்தத் தொழிலின் அமைப்பான ஆப்மி தன் apmiindia.org தளத்தில் நிறுவன வாரியாக இவற்றை வெளியிடுகிறது. எனவே விற்பவரின் மொபைலில் உள்ள படத்தை நம்ப வேண்டிய அவசியமில்லை. ஆனால் அந்த எண் ஒரு உத்தியில் உள்ள எல்லா வாடிக்கையாளர்களையும் சேர்த்த எண். ஜனவரியில் சேர்ந்தவருக்கும் ஆகஸ்ட்டில் சேர்ந்தவருக்கும் வாங்கிய விலை வேறு, பங்குகளும் சில சமயம் வேறு. அதனால் அவரவர் கணக்கு அந்த எண்ணிலிருந்து விலகத்தான் செய்யும்.

அதைவிட முக்கியம், எதோடு ஒப்பிடுகிறார்கள் என்பது. பங்கு உத்திகளுக்கான ஒப்பீட்டுக் குறியீடாக நிஃப்டி 50, பி.எஸ்.இ. 500 போன்ற அகன்ற குறியீடுகளையே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. ஒரு மேலாளர் பெரும்பாலும் ஸ்மால்கேப் பங்குகளையே வாங்குகிறார், அந்த ஆண்டு ஸ்மால்கேப் முழுவதுமே பறந்தது என்றால், பி.எஸ்.இ. 500-ஐ அவர் பெரிய இடைவெளியில் முந்தியதாகத் தெரியும். விதிப்படி அது சரியான ஒப்பீடுதான். முதலீட்டாளர் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் நிஃப்டி ஸ்மால்கேப் 250 குறியீட்டின் அதே ஆண்டு எண்ணையும், ஒரு சாதாரண ஸ்மால்கேப் ஃபண்டின் எண்ணையும் எழுதிப் பார்க்க வேண்டும். பல சமயம் அங்கே சாதனை இருந்த இடத்தில் சந்தையின் காற்று மட்டும்தான் இருக்கும். ஐந்தாறு ஆண்டுகளாவது, அதிலும் ஒரு பெரிய சரிவாவது உள்ள காலத்தைப் பார்க்காமல் முடிவு செய்ய வேண்டாம்.

இவ்வளவுக்கும் பிறகு பி.எம்.எஸ். யாருக்குமே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. மியூச்சுவல் ஃபண்டால் அமைப்பு ரீதியாகவே செய்ய முடியாத சில வேலைகள் இருக்கின்றன. அந்த வேலை தேவைப்படுகிறவர்களுக்கு இந்தக் கட்டணம் நியாயமானது.

முதலாவது, ஏற்கெனவே பங்குகளாகவே சொத்து வைத்திருப்பவர்கள். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருபது ஆண்டு இருந்தவர், பட்டியலிடப்பட்ட அந்த நிறுவனத்தின் பங்குகளாகவே 4 கோடி வைத்திருக்கிறார் என்று வையுங்கள். அப்பா வாங்கிப் போட்ட பங்குகள் பிள்ளைகளுக்கு வந்த குடும்பங்களும் இப்படித்தான். மியூச்சுவல் ஃபண்ட் பங்கை வாங்கிக்கொண்டு யூனிட் தராது. விற்று, வரி கட்டி, பணமாகத்தான் கொண்டுபோக வேண்டும். பி.எம்.எஸ்.ஸில் 50 லட்சத்தைப் பணமாகவோ பங்குகளாகவோ கொடுக்கலாம். மேலாளர் அந்தப் பெரிய குவியலை மூன்று நான்கு நிதியாண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாக விற்று, ஒவ்வோர் ஆண்டின் வரி வரம்பையும், வேறு பங்குகளில் உள்ள நஷ்டத்தையும் பயன்படுத்திக் கலைத்துத் தரலாம். இது ஒருவருடைய சொந்தக் கணக்கைப் பார்த்து மட்டுமே செய்யக்கூடிய வேலை.

இரண்டாவது, வாழ்வாதாரமே ஒரு துறையில் சிக்கியிருப்பவர்கள். திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்கிறவருடைய தொழில், கடன், கட்டடம் எல்லாம் ஜவுளிதான். டாலரும் அமெரிக்க இறக்குமதி வரியும் அவருடைய ஆண்டைத் தீர்மானிக்கின்றன. அவருடைய முதலீட்டில் ஜவுளியோ, ஏற்றுமதியை நம்பிய மற்றத் துறைகளோ இருக்கவே கூடாது என்று எழுதிக் கொடுத்து விலக்கச் சொல்லலாம். மதுபானம், புகையிலை, வட்டித் தொழில் வேண்டாம் என்று மனசாட்சிப்படி முடிவெடுத்தவர்களும் அப்படியே. ஆனால் கையெழுத்துப் போடும் முன், இந்த விலக்குகளை உண்மையிலேயே கணக்கு வாரியாகச் செய்து தருகிறார்களா என்று கேட்க வேண்டும். பல நிறுவனங்கள் எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே மாதிரி பட்டியலைத்தான் வாங்குகின்றன. அப்படியென்றால் "உங்களுக்கென்று தனி" என்ற வார்த்தைக்கு அங்கே பொருள் இல்லை; அதிகக் கட்டணத்தில் ஒரு மியூச்சுவல் ஃபண்ட் வாங்குகிறோம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது வகை பலருக்குத் தெரியாதது. அமெரிக்காவில் குடியுரிமையோ கிரீன் கார்டோ வைத்திருக்கும் நம்மவர்கள். இந்திய மியூச்சுவல் ஃபண்டுகளை அமெரிக்க வருமான வரித் துறை, கடுமையாக வரி விதிக்கும் பிஃபிக் என்ற வகையில் வைக்கிறது. ஒவ்வொரு ஃபண்டுக்கும் தனித்தனியே 8621 என்ற படிவம் நிரப்ப வேண்டியிருக்கலாம். அதன் வரிக் கணக்கும் தலைசுற்ற வைக்கும். நேரடியாகத் தம் பெயரில் வைத்திருக்கும் சாதாரண நிறுவனப் பங்குகளுக்குப் பொதுவாக இந்தத் தொல்லை இல்லை. எனவே டல்லஸில் இருக்கும் மகன் இந்தியப் பங்குகளில் பெரிய தொகை போட நினைத்தால், அவருக்கு பி.எம்.எஸ். உண்மையிலேயே பயன்படலாம். அமெரிக்க வரி தெரிந்த கணக்காளரிடம் முதலில் கேட்டுவிட்டு, அமெரிக்கவாசிகளைச் சேர்த்துக்கொள்ளும் மேலாளரைத் தேட வேண்டும்.

நான்காவதாக, குவிந்த முதலீட்டின் ஏற்ற இறக்கத்தைத் தெரிந்தே ஏற்பவர்கள். இங்கே அளவுதான் கேள்வி. 15, 20 பங்குகள் கொண்ட ஒரு கணக்கில் தம் மொத்த முதலீட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வைப்பது அதிகம் என்பேன். அந்தக் கணக்கில், வீட்டை விட்டுவிட்டு இரண்டரை கோடியாவது முதலீடாக இருப்பவருக்குத்தான் 50 லட்சம் பி.எம்.எஸ். பொருந்தும். நம் கோவைப் பொறியாளரிடம் மொத்தமே 70 லட்சம் இருந்து, அதில் 50-ஐ எடுத்து இதில் போடச் சொன்னால், அவரை உள்ளே விடாமல் வைக்கத்தான் செபி அந்த வேலியைக் கட்டியது. அவருக்கு இரண்டு மூன்று நல்ல ஃபண்டுகளின் டைரக்ட் பிளானும், சில ஆண்டுச் செலவுக்கு வைப்புத்தொகையும், தேவைப்பட்டால் செபியில் பதிவு செய்த ஆலோசகரிடம் ஒரு முறை கட்டணம் கொடுத்துப் பெற்ற திட்டமும் போதும்.

நடுவே ஒரு புதிய வழியும் வந்திருக்கிறது. 2025 ஏப்ரலிலிருந்து மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களே ஸ்பெஷலைஸ்டு இன்வெஸ்ட்மென்ட் ஃபண்ட் என்ற பெயரில், குறைந்தது 10 லட்சம் போட்டால் சேரக்கூடிய, சற்றே துணிச்சலான உத்திகளை நடத்த அனுமதி பெற்றிருக்கின்றன. எல்லார் பணமும் சேர்ந்த அமைப்பு என்பதால், உள்ளே நடக்கும் விற்பனைக்கு நமக்கு வரி வராது. இது இன்னும் புதிது. சில ஆண்டுகள் ஓடட்டும்.

சேருவது என்று முடிவெடுத்துவிட்டால் கையெழுத்துக்கு முன் இரண்டு தாள்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, டிஸ்குளோஷர் டாக்குமென்ட். மேலாளரின் பதிவு எண், அவர் மீதுள்ள வழக்குகள், உத்திகள், பழைய வருமானம் எல்லாம் அதில் இருக்கும். பதிவு எண் INP என்று தொடங்கும்; sebi.gov.in தளத்தில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம். இன்னொன்று கட்டணப் பின்னிணைப்பு. லாபம் வந்தால், நஷ்டம் வந்தால், ஏதும் மாறாவிட்டால் எவ்வளவு பிடிப்பார்கள் என்ற மாதிரிக் கணக்கு அதில் இருக்கும். கட்டண அமைப்பைப் புரிந்துகொண்டேன் என்று வாடிக்கையாளர் தம் கைப்பட எழுதவோ, ஆன்லைனில் சேர்ந்தால் தட்டச்சு செய்யவோ வேண்டும். "இங்கே ஒரு வரி எழுதிக் கொடுத்துடுங்க சார், ஃபார்மாலிட்டிதான்" என்று சொல்லப்படும் இடம் அதுதான். அந்த வரியை எழுதும் முன் மேலே நாம் போட்ட கணக்கை அவர்களுடைய எண்களை வைத்து ஒரு முறை போட்டுப் பாருங்கள்.

5 லட்சத்துக்கோ 2 லட்சத்துக்கோ பி.எம்.எஸ். தருகிறேன் என்று வாட்ஸ்அப்பில் வருபவரை அந்தத் தொகையே காட்டிக்கொடுத்துவிடும். சட்டப்படி அப்படி ஒன்று கிடையாது. உங்கள் டீமேட் கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டு, லாபத்தில் பாதி எனக்கு என்பவர் எந்தப் பதிவும் இல்லாதவர். நஷ்டமானால் அவரைப் பிடிக்க முடியாது. பதிவு பெற்ற மேலாளர் மீது குறை இருந்தால் செபியின் ஸ்கோர்ஸ் தளமான scores.sebi.gov.in-ல் புகார் கொடுக்கலாம்.

வெளியே வரும் வழியையும் உள்ளே போகும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான மியூச்சுவல் ஃபண்ட் பங்குத் திட்டங்களில் ஓராண்டுக்குள் வெளியேறினால் 1 சதவீதம் அல்லது அதற்கும் குறைவாகப் பிடிப்பார்கள். பி.எம்.எஸ்.ஸில் முதல் ஆண்டில் அதிகபட்சம் 3, இரண்டாம் ஆண்டில் 2, மூன்றாம் ஆண்டில் 1 சதவீதம் வரை எக்ஸிட் லோடு பிடிக்கலாம்; அதன் பிறகு கூடாது. முதல் ஆண்டிலேயே மனம் மாறினால் 50 லட்சத்துக்கு ஒன்றரை லட்சம் வரை போகலாம். சில நிறுவனங்கள் இதைப் பிடிப்பதே இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வெளியேறும்போது எல்லாப் பங்குகளையும் விற்றுப் பணமாகத்தான் தர வேண்டும் என்பதில்லை. பங்குகள் நம் பெயரில்தான் இருக்கின்றன என்பதால், அவற்றை அப்படியே நம் சொந்த டீமேட் கணக்குக்கு மாற்றித் தரச் சொல்லலாம். அப்போது ஒரே நாளில் எல்லாவற்றையும் விற்று, ஒரே ஆண்டில் மொத்த வரியையும் கட்ட வேண்டிய நிலை வராது. நல்ல பங்குகளை வைத்துக்கொண்டு, மற்றவற்றை நமக்குத் தோதான நேரத்தில் விற்கலாம். இந்த மாற்றத்துக்கு எவ்வளவு நாள் ஆகும், தனிக் கட்டணம் உண்டா என்பதையும் அந்த ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.